வடசென்னை டிசம்பருக்கு எந்த லைட்: ரோப்பா, நெட்டா, ஐசிக்கிளா?

நவம்பர் கடைசி ஆனால் எங்கள் ராயபுரம் பக்கம் ஒரே கேள்விதான். "பால்கனி கிரில்லுக்கு எது போடலாம், மாடி விளிம்புக்கு எது?" கிறிஸ்துமஸுக்குக் கேட்பவர்கள் பாதி. தை மாதக் கல்யாணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் இப்போதே வாங்கி வைக்க நினைப்பவர்கள் மீதி. அட்டைப்பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்தால் பதில் சுலபமாகத் தெரியும்: கைப்பிடிக்கு ரோப் லைட், செடிக்கு நெட் லைட், கூரை விளிம்புக்கு ஐசிக்கிள் லைட். அந்தப் படம் மழையில்லாத, உப்புக்காற்று இல்லாத ஏதோ ஓர் ஊரில் எடுத்தது. நம் ஊரில் அப்படியே செய்து, இரண்டாவது வாரமே பாதி இருட்டிப்போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அதில் ஒன்று என் அக்கா வீடு.

மூன்றும் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரோப் லைட் என்பது பிளாஸ்டிக் குழாய்க்குள் எல்.இ.டி. வரிசை, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். நெட் லைட் மீன்வலை மாதிரி, முடிச்சுக்கு முடிச்சு ஒரு சின்ன பல்பு. ஐசிக்கிளில் மேலே ஒரு நீள ஒயர் போகும், அதிலிருந்து முழம், ஒன்றரை முழம் என்று ஏற்ற இறக்கமாகச் சரங்கள் தொங்கும். கடையில் ஐசிக்கிள் கேட்டால் கர்ட்டன் லைட்டை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. அதில் சரங்கள் எல்லாம் ஒரே நீளம், ஆள் உயரத்துக்கு மேல். அது சுவருக்கு, ஜன்னலுக்கு. மாடி விளிம்பில் கட்டினால் கீழ்வீட்டு வாசலில் போகிறவர் தலையில் இடிக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

அழகை நான் கடைசியில்தான் வைப்பேன். இருட்டில் மூன்றுமே அழகுதான். நான் பார்ப்பது மூன்றே விஷயம்.

முதலாவது, தண்ணீரும் உப்பும் உள்ளே போக எத்தனை வாசல் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு லேசில் கெடாது. கெடுவது இணைப்பு. ஒயர் பல்புக்குள் நுழையும் இடம், பின் சொருகிய இடம், கன்ட்ரோலர் டப்பாவின் மூடி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. 2016-இல் வர்தா டிசம்பர் 12 அன்றுதான் சென்னையைத் தாக்கியது, 2023-இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. மழை நின்றாலும் காற்று வடகிழக்கிலிருந்து, கடல் மேலிருந்துதான் வீசும். அது கொண்டுவரும் உப்பு மெல்லிய செம்பு ஒயரை முதலில் கருக்கும், பிறகு பச்சையாக்கும், அப்புறம் அறுத்துவிடும்.

இரண்டாவது, ஒரு இடம் போனால் எவ்வளவு அணைகிறது, அதை நாமே சரிசெய்ய முடியுமா.

மூன்றாவது, கட்டவும் அவிழ்க்கவும் ஆகும் பாடு. புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு மணி நேரத்தில் கழற்ற முடியுமா என்பதும் இதில் சேர்த்தி.

மின்சாரச் செலவை இதில் சேர்க்கவில்லை. ஏன் என்று கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

## ரோப் லைட்

வாசல் கணக்கில் ரோப்தான் ஜெயிக்கிறது. ஆறு மீட்டர் ரோப்பில் தண்ணீர் நுழையும் இடம் இரண்டே இரண்டு: பவர் கார்டு சொருகும் முனை, மறுமுனையில் போடும் மூடி. இந்த இரண்டையும் சிலிகான் பசை வைத்து அடைத்துவிட்டால் நடுவில் எவ்வளவு மழை அடித்தாலும் கவலை இல்லை. மூடி கழன்று விழுந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். அந்த முனையில் வீட்டு மின்சாரம் அப்படியே திறந்து கிடக்கும்.

பழுது கண்டுபிடிப்பதும் சுலபம். 230 வோல்ட் ரோப் துண்டு துண்டாக அமைந்தது. பெரும்பாலும் மீட்டருக்கு ஒரு வெட்டுக்குறி, கத்தரிக்கோல் படம் போட்டிருக்கும். ஒரு துண்டில் உள்ள பல்புகள் எல்லாம் ஒரே வரிசையில் கோத்தவை. அதில் ஒன்று போனால் அந்த ஒரு மீட்டர் மட்டும் இருட்டும், மற்றவை எரியும். அந்த மீட்டரை இரண்டு குறிகளிலும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை இணைப்பானால் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு புது வாசல் திறக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். மொத்தமும் அணைந்தால் ரோப்பைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் பவர் கார்டின் பின் ஒயருக்குள் சரியாக இறங்கியிருக்காது. முனைப் பக்கம் குழாய்க்குள் பனி மூட்டம் மாதிரி தெரிந்தால் தண்ணீர் ஏறிவிட்டது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், மீட்டர் விலையைக் கேட்டுக் கணக்குப் போட்டுப் போவோம். பவர் கார்டு, மூடி, கிளிப் எல்லாம் தனி. குறியில் மட்டுமே வெட்ட முடியும் என்பதால் உங்கள் கைப்பிடி ஐந்தரை மீட்டர் என்றால் ஆறு வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, கடையில் சுருளோடு எரியவிட்டுக் காட்டச் சொல்லும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். சுற்றிவைத்த ரோப் சூட்டை வெளியே விடாது, குழாயே இளகும்.

வளைவு அதற்கு ஆகாது. நம் பக்கத்துப் பழைய கிரில்களில் சுருள் சுருளாக டிசைன் இருக்கும். அதோடு சேர்த்து ரோப்பைச் சுற்றினால் உள்ளே பல்பு வரிசை முறிந்துவிடும். நேராக ஓடுகிற மேல் கைப்பிடிக்குத்தான் அது சரி. அதிலும் மேல்பக்கம் கட்டாமல் அடிப்பக்கம் கட்டுங்கள். கை அழுந்தாது, கண்ணில் குத்தாது, முக்கியமாகத் துணி காயப்போட இடம் இருக்கும். பால்கனிக் கைப்பிடியில் ஈரப் புடவை போடாத வீடு நம் பக்கம் எங்கே இருக்கிறது?

## நெட் லைட்

இதில் வாசல்கள் நிறைய. ஒரு வலையில் 144 பல்பு என்றால் ஒவ்வொன்றிலும் ஒயர் நுழையும் இடம் உண்டு. அத்தனையும் ஒழுங்காக அடைக்கப்பட்டிருக்கும் என்று நான் நம்பமாட்டேன். பல்பின் அடிப்பகுதியை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். ஒயரோடு ஒன்றாக வார்த்தது போல இருந்தால் வாங்கலாம். பல்பு கழன்று கையோடு வந்தால் அது வரவேற்பறைச் சுவருக்குத்தான்.

பெட்டியில் ஐ.பி. 44 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். 65 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். இந்த எண் பல்புச் சரத்துக்கு மட்டுமாக இருக்கலாம். எட்டு விதமாக மின்னவைக்கும் கன்ட்ரோலர் டப்பாவும் ப்ளக்கும் பெரும்பாலும் நனையக் கூடாதவை. செடிக்குப் போடும்போது அந்த டப்பா எங்கே உட்காரும்? மண்ணில். ஐசிக்கிளுக்கும் இதே டப்பாதான், ஆனால் அது மாடியில் ஏதாவது மறைவில் இருக்கும். செடியின் கீழே தண்ணீர் ஊற்றும் இடத்தில் வைத்தால் மழைகூட வேண்டாம், நாமே கெடுத்துவிடுவோம்.

செடியிலும் எல்லாச் செடியும் ஒன்றல்ல. வெட்டிவிட்டு வேலி மாதிரி வளர்த்த இட்லிப்பூச் செடிக்கு நெட் கச்சிதம்; போர்வை போல விரிந்து படியும். செம்பருத்தி கண்டபடி கிளை விடும், வலை ஒரு பக்கம் தொங்கி ஒரு பக்கம் இழுபடும். காகிதப்பூ வேண்டவே வேண்டாம், அவிழ்க்கும்போது முள்ளில் ஒயர் தோல் உரியும். இட்லிப்பூவிலும் பொங்கலோடு எடுத்துவிட வேண்டும். புதுத் தளிர் கண்ணிக்குள் நுழைந்து வளர்ந்துவிட்டால் அப்புறம் செடியை வெட்டுவதா, ஒயரை வெட்டுவதா என்று நிற்பீர்கள்.

நெட் கெட்டால் சின்னத் துண்டாகக் கெடாது. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட். அதனால் 230 வோல்ட்டில் எழுபது எண்பது பல்பை ஒரே வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒரு பல்பின் கால் துருப்பிடித்து அறுந்தால் வலையில் பாதி அணையும். எந்தப் பல்பு என்று தேட, தரைக்கு அருகே உள்ள கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் ஈரம் தங்கும். கால் கறுத்தோ பச்சையாகவோ தெரியும்.

இதையெல்லாம் சொன்னபிறகு ஒரு மாற்றுக்கருத்து. நெட் லைட்டைச் செடிக்கென்றே விற்கிறார்கள். நம் வீடுகளில் அது மிகப் பொருந்தும் இடம் பால்கனி கிரில். கிரில் தட்டையானது, உயரம் இரண்டரை மூன்று அடிதான், மேல் தளத்தின் சன்ஷேடு மழையைக் கொஞ்சம் தடுக்கும், டப்பாவை உள்ளே சுவரோரம் தொங்கவிடலாம். டிசைன் கிரில்லாக இருந்து ரோப் வளைய மறுத்தால் உட்பக்கமாக ஒரு வலையை விரித்து நாலு மூலையில் கட்டுங்கள். பத்து நிமிட வேலை. துரு ஏறிய கம்பியின் கூர்முனை ஒயரை அறுக்காமல் அந்த இடத்தில் மட்டும் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

## ஐசிக்கிள் லைட்

பார்வைக்கு இதை அடிக்க ஆளில்லை. தெருமுனையிலிருந்தே தெரியும். ஆனால் நெட்டைப் போலவே பல்புக்குப் பல்பு வாசல், அதோடு காற்று என்ற தனிப் பிரச்சினை.

வெளிநாட்டில் கூரை விளிம்பில் மழைநீர்க் குழாய் ஓடும், அதில் மாட்டும் கிளிப் பெட்டியோடு வரும். நமக்கு இருப்பது மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர். கிளிப் அதில் எங்கே மாட்டும்? டேப் ஒட்டிப் பார்ப்பார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு மழைக்கு டேப் தாங்காது. ஆணி அடித்து ஒயரைத் தொங்கவிட்டால் சரங்களின் எடை முழுக்க ஆணி படும் இடத்தில் இழுக்கும்.

சரியான முறை, சுவரின் இரு கோடியிலும் பிளக் அடித்து ஒரு கொக்கி போட்டு, நடுவே பிளாஸ்டிக் பூசிய கம்பியையோ நைலான் கயிற்றையோ விறைப்பாக இழுத்துக் கட்டுவது. ஐசிக்கிளின் மேல் ஒயரை அந்தக் கயிற்றோடு சரத்துக்குச் சரம் கேபிள் டை போட்டுச் சேர்க்க வேண்டும். எடையைக் கயிறு தாங்கும், ஒயர் சும்மா கூடப் போகும். புயல் என்றால் இரண்டு கொக்கியிலும் அவிழ்த்துக் கயிற்றோடு சுருட்டி உள்ளே எடுத்துவிடலாம்.

சரங்கள் காற்றில் முறுக்கிக்கொள்வதற்கு மருந்து எனக்குச் சொன்னது எதிர்வீட்டு அண்ணன். காசிமேட்டில் வலை பின்னுகிறவர். "எப்பா, மேல மட்டும் கட்டினா ஆடத்தான் செய்யும். கீழ ஒரு தங்கூசி ஓட்டு" என்றார். சரங்களின் நடுமட்டத்தில் தங்கூசி என்கிற மெல்லிய நைலான் நரம்பு ஒன்றைப் பக்கவாட்டில் இழுத்து, ஒவ்வொரு சரத்தையும் அதில் ஒரு சுற்றுச் சுற்றினோம். பகலில்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வருடம் ஒரு முடிச்சு விழவில்லை.

இன்னொரு ஆபத்து: நீட்டிக்க வசதியாகப் பல செட்களின் கடைசியில் ஒரு சாக்கெட் இருக்கும். அடுத்த செட் மாட்டாமல் அதைத் திறந்து விட்டால் மாடி விளிம்பில் மின்சாரம் தொங்குகிறது என்று பொருள். பெட்டியில் வரும் மூடியைத் தொலைக்காமல் மாட்டுங்கள்.

எப்போது ஐசிக்கிள் வேண்டாம்? வீடு கடலுக்கு முதல் இரண்டு தெருவுக்குள் இருந்து, வாசல் கிழக்கோ வடக்கோ பார்த்திருந்தால். காற்று நேரே வந்து அடிக்கும். அங்கே மாடி விளிம்புக்கும் ரோப்பே போடுங்கள். வீட்டின் வடிவத்தை ஒரு கோடு போட்டுக் காட்டும், அதுவும் அழகுதான். மேற்குப் பார்த்த வீடு, அல்லது தண்டையார்பேட்டை, பெரம்பூர் மாதிரி கொஞ்சம் உள்ளே என்றால் ஐசிக்கிளைத் தாராளமாகக் கட்டலாம். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை விளிம்பு என்றால் ஒயர் தகரத்தைத் தொடவே கூடாது.

## ஒரே பார்வையில்

| | ரோப் | நெட் | ஐசிக்கிள் |
|---|---|---|---|
| தண்ணீர் நுழையும் இடம் | இரண்டு முனை | ஒவ்வொரு பல்பும், டப்பாவும் | ஒவ்வொரு பல்பும், டப்பாவும் |
| பழுதானால் அணைவது | ஒரு மீட்டர் | வலையில் பாதி | அடுத்தடுத்த பல சரங்கள் |
| கட்டுவது | கிளிப், நிதானம் வேண்டும் | பத்து நிமிடம் | ஆள் இரண்டு, ஏணி |
| பொருந்தும் இடம் | நேர்க் கைப்பிடி, கடலோர மாடி விளிம்பு | டிசைன் கிரில், இட்லிப்பூ வேலி | காற்று மறைந்த மாடி விளிம்பு |
| பொருந்தாத இடம் | சுருள் கிரில், செடி | முள்செடி, நீர் தேங்கும் மண் | கடலைப் பார்த்த முகப்பு |

## அக்கா வீட்டில் நடந்தது

முதல் வருடம் பெட்டிப் படப்படி எல்லாம் செய்தோம். டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் இரண்டு நாள் மழை. ராத்திரி ஏழு மணிக்கு வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் எரிகிறது. மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. ஃப்ரிட்ஜில் மாமா வாங்கி வைத்த மீன் வேறு. வெளியே போன எல்லா ப்ளக்கையும் பிடுங்கிய பிறகுதான் நின்றது.

மறுநாள் மதியம், எல்லாம் காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தேன். ரோப் எரிந்தது. ஐசிக்கிள் பாதி எரிந்தது. நெட்டைச் சொருகிய உடனே மறுபடி விழுந்தது. செடியடியில் கிடந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே அரை டம்ளர் சேற்றுத் தண்ணீர். அது விழுந்ததுதான் நல்லது. விழாமல் இருந்து, காலையில் அக்கா ஈரக் காலோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தால்? ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் செடிக்கும் கிரில்லுக்கும் 230 வோல்ட் லைட் போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

அடுத்த வருடம் அளந்து வாங்கினோம். பால்கனிக் கைப்பிடி முன்பக்கம் 14 அடி, பக்கத்தில் 4 அடி, மொத்தம் ஐந்தரை மீட்டர். ஆறு மீட்டர் ரோப், மிஞ்சிய அரை மீட்டரை மூலைக் கம்பியில் கீழே இறக்கினோம். மாடி முகப்பு 22 அடி, அதாவது ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றரை மீட்டர் ஐசிக்கிள் இரண்டு. வீடு மேற்குப் பார்த்தது, அதனால் துணிந்தோம். வாசல் ஓரம் இட்லிப்பூ வரிசை 8 அடி நீளம், 3 அடி உயரம், மேல்பக்கம் 2 அடி அகலம். முன்பக்கமும் மேல்பக்கமும் சேர்த்தால் 5 அடி. ஒன்றரை மீட்டர் சதுர வலை அதற்குச் சரியாக வரும், நீளத்துக்கு இரண்டு வலை. இரண்டின் டப்பாவையும் இந்த முறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துவிட்டோம். வெளியே உள்ள ப்ளக் பாயிண்டுக்குத் தனி ஆர்.சி.சி.பி. ஒன்று எலெக்ட்ரீசியனை வைத்துப் போட்டது கூடுதல் செலவு. ஆனால் லைட் தகராறில் ஃப்ரிட்ஜ் அணைவது நின்றது.

மின்சாரக் கணக்கு இதுதான். ரோப் மீட்டருக்கு 6 வாட் என்று போட்டிருந்தது, ஆறு மீட்டருக்கு 36 வாட். ஐசிக்கிள் ஒன்றுக்கு 10 வாட், இரண்டுக்கு 20. நெட் ஒன்றுக்கு 8, இரண்டுக்கு 16. மொத்தம் 72 வாட். மாலை ஆறு முதல் பதினொன்று வரை, 25 நாள் எரித்தால் ஒன்பது யூனிட். அதில் பாதி ரோப்புக்கு மட்டும் போகிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு மட்டும் யோசிக்கலாம், அதைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை மாறும். மற்றவர்களுக்கு இந்த ஒன்பது யூனிட் ஒரு பொருட்டே அல்ல.

## வாங்கும்போதும் எடுத்து வைக்கும்போதும்

பாரிமுனைப் பக்கம் வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஐசிக்கிள், நெட் ஒயரின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு பூசிய இரும்பு. உப்புக்காற்றில் அது ஒரு சீசன்தான். ஒட்டாவிட்டாலும் முழுச் செம்பு என்று உறுதி கிடையாது, அலுமினியமாகவும் இருக்கலாம். ஆனாலும் இரும்பு இல்லை என்பதாவது தெரிந்துவிடும்.

புயல் எச்சரிக்கை இல்லை என்று தெரிந்த பிறகு, டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு மேல் கட்டினால் போதும். எடுக்கும்போது அப்படியே சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள். மேலே படிந்த உப்பு அலமாரிக்குள்ளும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்றாக எரிந்த செட் அடுத்த வருடம் எடுக்கும்போது எரியாமல் போவது இதனால்தான். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். ரோப்பைப் பக்கெட் வாய் அளவுக்குப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். நெட்டை நடுவில் செய்தித்தாள் வைத்துப் புடவை மடிப்பது போல மடியுங்கள். ஐசிக்கிளை நீள அட்டையில் சுற்றி, சரங்களை இரண்டிரண்டாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். தங்கூசியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு அடுத்த வருடம் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அண்ணன் காசு வாங்கமாட்டார்.